பச்சை மணியும் காய்ந்த மணியும்



ஏலத்தோட்டத்தில் பறித்த பச்சைக் காயை ஸ்டோரில் போட்டு உலர்த்தினால் ஏறக்குறைய ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோதான் தேறும். போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பறிகூலி ஆவது பச்சைக் காய்க்கு. விலை கிடைப்பது காய்ந்த காய்க்கு. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்துக்குச் சரக்கு அனுப்பும் எந்தத் தோட்டக்காரரும் பச்சைக் காயின் எடையை வைத்துத் தன் அடக்க விலையைப் போடுவதில்லை. ஒரு பருவம் அப்படிப் போட்டுப் பார்த்தால் அடுத்த பருவத்துக்கு உரம் வாங்கக் கையில் காசிருக்காது.

அதே ஊரில் கேமராவை நம்பிப் பிழைக்கும் போட்டோகிராஃபர் தன் நேரத்தை மட்டும் பச்சையாகவே எடைபோடுகிறார். “ஒரு நாளைக்குப் பத்தாயிரம்” என்கிறார். அந்த ஒரு நாளுக்கு முன்னும் பின்னும் எத்தனை மணி நேரம் உலர்ந்து போகிறது என்ற கணக்கு அவரிடம் இல்லை. கல்யாண வேலையில் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. ஊரில் ஒரு ரேட் இருக்கிறது, ஆல்பத்துக்கு ஒரு விலை இருக்கிறது, நாலு பேர் வாங்குவதை ஐந்தாவது ஆளும் வாங்கிவிட்டுப் போகலாம். ஆனால் முன்மாதிரி இல்லாத தனி வேலை ஒன்று கதவைத் தட்டும்போது ஊர் ரேட் கைவிட்டுவிடும். அந்த நேரத்தில் விலையை எப்படிக் கட்டுவது என்பதே இந்த உரையின் பொருள்.

ஒரு போடி போட்டோகிராஃபரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். அவர் கடை எங்கே இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். இங்கே வரும் ரூபாய்கள் வழியைக் காட்டுவதற்காக வைத்தவை. ஒவ்வொருவரும் தன் ரசீதுகளைப் பார்த்துத் தன் எண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அவருக்கு ஒரு நாள் போன் வருகிறது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருப்பவர், இனிமேல் காயை மொத்தமாக மட்டும் விற்காமல் தன் பெயரில் பொட்டலம் போட்டு விற்கப்போகிறார். அதற்குப் படங்கள் வேண்டும். தோட்டத்தில் பறிப்பு, ஸ்டோரில் காய் உலர்வது, ரகம் பிரிப்பது, கடைசியாகப் பொட்டலமும் காயும். மொத்தம் 40 படம்.

“ரெண்டு நாள் வேலைதான் தம்பி. நாளைக்கு எவ்வளவுன்னு சொல்லு, முடிச்சுவிட்டுருவோம்.”

“இருபதாயிரம் குடுத்துருங்கண்ணே.”

போனை வைத்த பிறகு அவருக்கு மகிழ்ச்சிதான். இரண்டு கல்யாண நாளுக்கான காசு, கூட்டமும் இல்லை, பந்தி முடியும்வரை நிற்கவும் வேண்டாம். இந்த இருபதாயிரத்தைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால், அவருடைய ஒரு மணி நேரத்தின் அடக்கம் என்ன என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் கருவி. இரண்டு கேமரா, நாலு லென்ஸ், விளக்குகள், எடிட்டிங்குக்கு ஒரு கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து ஆறு லட்ச ரூபாய் என்று வைப்போம். நாலு வருடம் கழித்து விற்றால் ஒன்றேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக, 1,20,000 தேறலாம். மீதி 4,80,000 ரூபாய் அந்த நாலு வருடத்தில் தேய்ந்து போகிறது. ஆண்டுக்கு 1,20,000.

தேய்மானம் என்பதைச் சிலர் ஆடிட்டர் போடும் காகிதக் கணக்கு என்று நினைக்கிறார்கள். கேமராவைப் பொறுத்தவரை அது கையால் எண்ணிவிடக்கூடிய ஒன்று. கேனான் 5டி மார்க் 4 கேமராவின் ஷட்டர் 1,50,000 கிளிக் வரை சோதிக்கப்பட்டது என்று அதைச் செய்த நிறுவனமே சொல்கிறது. நிக்கான் டி850 என்றால் 2,00,000. ஒரு கல்யாணத்துக்கு 3,000 கிளிக் தட்டுபவருக்கு முதல் கேமராவின் கணக்கு ஐம்பது கல்யாணத்தில் முடிகிறது. அதற்குப் பிறகும் அது ஓடலாம். ஆனால் தாலி கட்டும் நேரத்தில் நின்றுபோகாது என்று யாரும் உறுதி தரமுடியாது.

இனி கடை. வாடகை ஆண்டுக்கு 60,000. மின்சாரமும் இணையமும் 24,000. சாஃப்ட்வேர் சந்தாவும் ஹார்ட் டிஸ்கும் 30,000. ரிப்பேர், காப்பீடு 24,000. பைக், போன், உள்ளூர் அலைச்சல் 36,000. கணக்கு எழுதுவது, விளம்பரம், சில்லறை 18,000. தேய்மானத்தையும் சேர்த்தால் கடை மட்டும் ஆண்டுக்கு 3,12,000 ரூபாய் விழுங்குகிறது.

அடுத்தது பலர் எழுதாமல் விடும் வரி: அவருடைய சொந்தச் சம்பளம். மிச்சம் இருப்பதுதான் தன் சம்பளம் என்று நினைக்கும் தொழிலாளி தன்னையே கடைசிக் கடன்காரனாக வைத்துக்கொள்கிறார். வேறொரு ஸ்டூடியோவில் வேலைக்குப் போனால் என்ன கிடைக்குமோ அதைச் செலவாகவே எழுத வேண்டும். மாதம் 30,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 3,60,000. ஆக மொத்தம் 6,72,000 ரூபாய்.

இதை எத்தனை மணி நேரத்தால் வகுப்பது? இங்கேதான் பச்சைக் காயும் காய்ந்த காயும்.

வார விடுமுறை, பண்டிகை, காய்ச்சல், உறவுக்காரர் விசேஷம் எல்லாம் போக ஆண்டில் 280 நாள் கடையில் இருக்கிறார் என்போம். நாளுக்கு 8 மணி என்றால் 2,240 மணி நேரம். இது பச்சை மணி. இதில் எவ்வளவு நேரத்துக்கு ஒரு பார்ட்டியிடம் பணம் கேட்க முடியும்? விசாரித்துவிட்டு வராமல் போனவர்களிடம் பேசிய நேரத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள். லென்ஸ் துடைத்த நேரம், பாக்கி கேட்டு அலைந்த நேரம், புது மென்பொருள் கற்ற நேரம், பழைய வேலையை டிஸ்கில் சேமித்த நேரம் எல்லாம் அவருடையதுதான், ஆனால் விற்க முடியாதது. ஆடி, புரட்டாசி, மார்கழி என்று கல்யாணம் நடக்காத மாதங்கள் மூன்று இருக்கின்றன. தனியாகத் தொழில் செய்பவருக்குப் பாதி மணி தேறினாலே நல்ல தேறல். ஏலக்காயைவிட இது எவ்வளவோ மேல். ஆக 1,120 மணி. இது காய்ந்த மணி.

6,72,000 ரூபாயை 1,120 மணியால் வகுத்தால் மணிக்கு 600 ரூபாய். பச்சை மணியால் வகுத்திருந்தால் 300 என்று வந்திருக்கும். அந்த 300-ஐ நம்பி விலை சொன்னவர் ஆண்டு முழுக்க முதுகொடிய உழைத்தும், டிசம்பரில் லென்ஸ் வாங்க நகையை வங்கிக்குக் கொண்டுபோகிறார். அவர் சோம்பேறி இல்லை, வகுத்த எண் தப்பு, அவ்வளவுதான்.

தன் பாதி எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரு வழிதான் உண்டு. மூன்று மாதம் ஒரு நோட்டில் தினமும் எழுத வேண்டும்: எந்த வேலைக்கு எத்தனை மணி, எதற்கும் சேராதது எத்தனை மணி. தேறியது நாற்பது சதம் என்று வந்தால் மணிக் கிரயம் 750 ஆகிவிடும். ஊகத்தில் போட்ட பாதிக்கும் நோட்டில் வந்த நாற்பதுக்கும் நடுவே ஒவ்வொரு மணிக்கும் 150 ரூபாய் ஒளிந்திருக்கிறது.

இப்போது தோட்டக்காரரின் வேலைக்கு வருவோம். “ரெண்டு நாள்” என்று அவர் சொன்னது பொய்யில்லை. அவர் கண்ணுக்குத் தெரிவது கேமரா வெளியே இருக்கும் நேரம் மட்டும்தான். அதற்குள் மறைந்திருப்பதை விரித்துக் காட்டவேண்டியது தொழில் தெரிந்தவரின் பொறுப்பு.

பேச்சுக்கும் ஒருமுறை தோட்டத்தைப் போய்ப் பார்ப்பதற்கும் 6 மணி. முன்னால் போய்ப் பார்க்காமல் ஏலத்தோட்டத்தில் படம் எடுக்கப் போகக்கூடாது. காரணம் பின்னால் வருகிறது. பறிப்பு நாளுக்கு 12 மணி: விடியுமுன் போடியிலிருந்து கிளம்பி, கொச்சியிலிருந்து தொண்டிவரை ஓடும் தேசிய நெடுஞ்சாலை 85-இல் 17 கொண்டைஊசி வளைவு ஏறி, அங்கிருந்து ஜீப் பாதையில் உள்ளே போய், பறிப்பவர்களோடு நின்று, வெளிச்சம் சாய்ந்து திரும்பும்வரை. ஸ்டோரிலும் ரகம் பிரிக்கும் இடத்திலும் ஓர் இரவு 6 மணி. பொட்டலத்தையும் காயையும் கடையில் வைத்து எடுக்க 8 மணி. எடுத்ததையெல்லாம் இரண்டு டிஸ்கில் ஏற்றி, ஆயிரக்கணக்கில் இருப்பதிலிருந்து 40-ஐப் பொறுக்க 5 மணி. எடிட்டிங் 18 மணி. தோட்டக்காரர் பார்த்துச் சொல்லும் திருத்தம் ஒரு சுற்று, 4 மணி. அனுப்பி, பில் போட 1 மணி. கூட்டினால் 60 மணி.

எடிட்டிங்குக்கு 18 மணியா என்று கேட்பவர்களுக்காக இங்கே கொஞ்சம் நிற்கலாம். ஏலச்செடி நிழலில் வளர்வது. மேலே மரங்களின் இலை, பக்கத்தில் ஆளுயரத்துக்குச் செடியின் தோகை. அங்கே வரும் வெளிச்சம் இலை வழியாக வடிந்து பச்சையாகவே இறங்குகிறது. பறிக்கும் பெண்ணின் முகத்திலும் அந்தப் பச்சை ஒட்டுகிறது. கேமராவை ஆட்டோவில் விட்டால் அது பச்சையைக் குறைக்கப்போய்க் காயின் நிறத்தையும் சேர்த்து வெளுக்கவைத்துவிடும். சாம்பல் அட்டை ஒன்றை அதே வெளிச்சத்தில் வைத்து எடுத்துக்கொண்டாலும், முகத்தைத் தனியாகவும் காயைத் தனியாகவும் சரிசெய்ய ஒரு படத்துக்கு 20 நிமிடம் ஆகிறது. தோட்டத்துப் படம் 28. ஒன்பது மணிக்குச் சற்று மேல்.

மீதி 12 படம் பொட்டலமும் காயும். ஏலக்காயை வாங்குபவர் பார்ப்பது பருமனையும் பச்சையையும். எட்டு மில்லிமீட்டர் காய்க்கும் ஏழு மில்லிமீட்டர் காய்க்கும் விலை வேறு. அவ்வளவு சிறிய பொருளைச் சட்டம் நிறையும்படி மேக்ரோ லென்ஸால் எடுத்தால், ஒரு காயின் முன்பக்கம் தெளிந்து பின்பக்கம் மங்கிவிடும். ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பத்துப் பதினைந்து படம் எடுத்து, பிறகு ஒன்றாக இணைக்க வேண்டும். காயின் மேல் ஒட்டிய தூசி, பொட்டலத்தின் பளபளப்பில் விழுந்த விளக்கு எல்லாவற்றையும் நீக்க வேண்டும். பச்சை நிறம் உண்மைக் காயைவிடத் தூக்கலாகப் போனால் வாங்கியவர் ஏமாந்ததாகச் சொல்வார். குறைந்தால் தோட்டக்காரர் விடமாட்டார். ஒரு படத்துக்கு 45 நிமிடம், 12 படத்துக்கு 9 மணி. வேலையின் விவரம் இப்படித் தெரிந்தால்தான் மணிக்கணக்கு வரும். வேலை தெரியாமல் போடும் மணி வெறும் ஊகம்.

60 மணிக்கு 600 வீதம் 36,000 ரூபாய். இந்த வேலைக்கென்றே கையிலிருந்து போகும் காசு தனி. ஜீப் 3,500. உதவியாளுக்கு இரண்டு நாள், 2,400. சாப்பாடு 1,000. வாடகைக்கு மேக்ரோ லென்ஸும் ஒரு விளக்கும் 1,800. பின்னணித் தாள், பித்தளைத் தட்டு, சாக்கு 800. சேமிப்புக்கு 500. ஆக 10,000.

பிறகு மூடுபனி. மலையில் ஏறிப்போய்க் கைவிளக்கு வெளிச்சம்கூடத் தெரியாமல் திரும்பி வந்த நாட்கள் இந்த ஊரில் படம் எடுக்கும் எல்லோருக்கும் உண்டு. ஆறுமுறை போனால் ஒருமுறை அப்படி வீணாகும் என்று அனுபவம் சொன்னால், வீணாகும் ஒரு நாளின் செலவில் ஆறில் ஒரு பங்கை ஒவ்வொரு வேலையிலும் வைக்க வேண்டும். 12 மணி நேரம், ஜீப், உதவியாள் எல்லாம் சேர்ந்து ஒரு நாள் ஏறக்குறைய 12,000. ஆறில் ஒரு பங்கு 2,000. மழை வந்த பிறகு பார்ட்டியிடம் போய்க் கூடுதல் காசு கேட்பதைவிட இது கௌரவமான வழி.

மொத்த அடக்கம் 48,000 ரூபாய்.

இப்போது அந்த இருபதாயிரத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கைச்செலவு 10,000 போனால் மீதி 10,000. அதை 60 மணிக்குப் பங்கிட்டால் மணிக்கு 167 ரூபாய்கூட வரவில்லை. அவருடைய கடைச் செலவு மட்டுமே, சம்பளம் சேர்க்காமல், காய்ந்த மணிக்கு 279 ரூபாய் ஆகிறது. அதாவது 60 மணி உழைத்துத் தனக்கு ஒரு ரூபாய் சம்பளமும் எடுக்காமல், மேற்கொண்டு ஆறாயிரத்து எழுநூறு ரூபாயைத் தோட்டக்காரருக்குத் தன் பையிலிருந்து கொடுத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் அது தெரியாது. தோட்டக்காரர் இவரை ஏமாற்றவும் இல்லை.

அடக்கம் தெரிந்துவிட்டது, லாபம் எவ்வளவு? சம்பளம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. லாபம் என்பது கடையின் பங்கு. அடுத்த கேமரா இன்றைய விலையில் கிடைக்காது, இரண்டு மாதம் ஆர்டர் இல்லாமல் போகலாம், ஒரு பார்ட்டி பாக்கியைத் தராமலே போகலாம். இதற்கெல்லாம் விலையில் நூற்றுக்கு 25 கடையில் தங்கவேண்டும் என்று இவர் முடிவெடுக்கிறார்.

இந்த இடத்தில் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். 48,000-த்தில் கால் பங்கு 12,000, கூட்டினால் 60,000 என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் 60,000 விலையில் 12,000 என்பது 20 சதம், 25 சதம் இல்லை. செலவின்மேல் வைத்த கால் வேறு, விலைக்குள் இருக்கும் கால் வேறு. விலையில் கால் பங்கு லாபம் என்றால் மீதி முக்கால் பங்குதான் செலவு. ஆகவே செலவை முக்காலால் வகுக்க வேண்டும்.

விலை = செலவு ÷ (1 − லாப விகிதம்)

48,000 ÷ 0.75 = 64,000. லாபம் 16,000. இரண்டு கணக்குக்கும் நடுவே ஒரே வேலையில் 4,000 ரூபாய் வித்தியாசம். லாப விகிதம் ஏற ஏற இந்த இடைவெளியும் அகலும்: ஐம்பது சதம் லாபம் வேண்டுமென்றால் செலவை இரண்டு மடங்காக்க வேண்டும், செலவில் பாதியைக் கூட்டுபவருக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

இதே வழியில் இன்னொரு எண்ணும் கிடைக்கிறது. 600-ஐ முக்காலால் வகுத்தால் 800. அது அவருடைய ஒரு மணியின் விற்பனை விலை. பாதி வழியில் கூடுதல் வேலை வரும்போது சொல்ல வேண்டியது இதுதான். பொட்டலப் படம் இன்னொன்று வேண்டுமா? எடுக்க அரை மணி, எடிட்டிங் முக்கால் மணி, ஆக ஒன்றேகால் மணி, ஆயிரம் ரூபாய். யோசிக்க வேண்டியதே இல்லை.

64,000 என்று கேட்டவுடன் தோட்டக்காரர் ஒரு நிமிடம் பேசவில்லை. “என்ன தம்பி, அன்னைக்கு இருபதுன்ன. எங்கிட்ட நாப்பத்தஞ்சுதான் இருக்கு.” முன்பு வாயால் சொன்னதை மாற்றுவது சங்கடம்தான், ஆனால் மணிகளை விரித்து எழுதிய தாள் கையில் இருப்பதால் பேச்சு வேறு பாதையில் போகிறது. “சரிண்ணே, நாப்பத்தஞ்சுக்குள்ள என்னென்ன செய்யலாம்னு பாப்போம்” என்கிறார் போட்டோகிராஃபர். விலையைக் குறைக்காமல் வேலையைக் குறைக்கிறார்.

ஸ்டோர் இரவு வேண்டாம். 6 மணி போயிற்று. பொட்டலப் படம் 12-க்குப் பதில் 6. எடுப்பதில் 3 மணி மிச்சம். தோட்டத்துப் படம் 28-க்குப் பதில் 16. இரண்டும் சேர்ந்து எடிட்டிங் 18-லிருந்து 10 மணிக்கு இறங்குகிறது. பொறுக்குவதில் 1 மணி, திருத்தத்தில் 2 மணி குறைகிறது. 60 மணி 40 ஆகிவிட்டது, 24,000 ரூபாய். உதவியாள் ஒரு நாள், சாப்பாடு, வாடகை விளக்கு என்று கைச்செலவில் 2,500 குறைந்து 7,500. மூடுபனிக்கு வைத்த 2,000 அப்படியே நிற்கட்டும், மலைக்குப் போகத்தானே வேண்டும். அடக்கம் 33,500, முக்காலால் வகுத்தால் 44,667. தோட்டக்காரரின் காசுக்குள் வந்துவிட்டது, லாப விகிதம் ஒரு காசும் இறங்கவில்லை.

கேட்ட மாத்திரத்தில் 64,000-ஐ 45,000 ஆக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 48,000 அடக்கத்தில் 3,000 நஷ்டம். அதைவிட மோசம், முதலில் சொன்ன 64,000 வெறும் வாய்விலை என்று தோட்டக்காரர் புரிந்துகொண்டிருப்பார். முன்னால் போய்ப் பார்த்த 6 மணியை மட்டும் இவர் குறைக்கவில்லை என்பதையும் கவனிக்கலாம். எந்தச் சரிவில் காலை வெயில் எத்தனை மணிக்கு விழுகிறது, அன்றைக்கு எந்தப் பாத்தியில் பறிப்பு, ஜீப் எதுவரை போகும் என்று தெரியாமல் போனால் பறிப்பு நாளின் பாதி தேடுவதிலேயே கழியும். அந்த 6 மணியை மிச்சம் பிடிப்பவர் 12 மணியைப் பணயம் வைக்கிறார்.

வேலையின் எல்லையை எழுத்தில் வைப்பதுதான் அடுத்த படி. எத்தனை படம், எத்தனை நாள், எந்தெந்த இடம், திருத்தம் எத்தனை சுற்று, என்றைக்குக் கையில் கிடைக்கும். இதில் இல்லாதது எது என்பதையும் எழுத வேண்டும். “வந்தது வந்தீங்க, அப்படியே ரெண்டு ரீல்ஸ் எடுத்துருங்க” என்பது மலைமேல் நிற்கும்போது வரும் வார்த்தை. கேட்பவருக்கு அது ஒரு வாக்கியம், எடுப்பவருக்கு ஆறேழு மணி. டிரோன் படமும் அப்படித்தான்: 2021-இன் டிரோன் விதிகள்படி பதிவும், பறக்கக்கூடிய மண்டலமா என்ற சோதனையும் வேண்டும், வனத்தை ஒட்டிய நிலமென்றால் வனத்துறையின் அனுமதியும் பார்க்க வேண்டும். இவை வேலைக்குள் இல்லை என்று தாளில் ஒரு வரி இருந்தால் மலைமேல் வாக்குவாதம் வராது. 800 ரூபாய் கணக்குத்தான் வரும்.

எல்லையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதி உண்டு: படம் யாருக்குச் சொந்தம்? எடுத்தவனுக்குத்தான் என்று நம் தொழிலில் பலர் நம்புகிறார்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு வேறு சொல்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டு, காசு கொடுத்து எடுக்கவைத்த புகைப்படத்துக்கு, மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். 1947-இல் காப்பாவும் கார்த்தியே பிரெசோனும் நண்பர்களும் மாக்னம் கூட்டுறவைத் தொடங்கியதே, படத்தின் உரிமை பத்திரிகைக்குப் போகாமல் எடுத்தவரிடம் தங்கவேண்டும் என்பதற்காகத்தான். இங்கே அந்த நிலை வேண்டுமானால் அதை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

விலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நேரடித் தொடர்பு. அதே 60 மணியில் எடுத்த ஏலக்காய்ப் படம் போடிக் கடையின் காலண்டரிலும் போகலாம், வெளிநாட்டுக்குப் போகும் பொட்டலத்தில் பல ஆண்டுகள் அச்சாகவும் போகலாம். அடக்கம் இரண்டுக்கும் 48,000 தான். மணிக்கணக்கால் காட்ட முடிவது அடிவிலையை மட்டும். மேல்விலை அந்தப் படம் எங்கே, எவ்வளவு காலம் உழைக்கிறது என்பதைப் பொறுத்தது. மணிக்கணக்கின் எல்லை இதுதான். ஆகவே பொட்டலத்துக்கும் இணையதளத்துக்கும் இரண்டு ஆண்டு என்று எழுதி 64,000 சொல்லலாம். நிரந்தர முழு உரிமை வேண்டுமென்றால் அதற்கு வேறொரு தொகையைப் பேசலாம்.

இன்னொரு எல்லை மாதத்தைப் பொறுத்தது. புரட்டாசியில் இவருக்குக் கல்யாணம் கிடையாது. மலையில் அப்போது பறிப்பு மும்முரம். கடை சும்மா இருக்கும் அந்த நாட்களில் 45,000-க்கு முழு வேலையையும் ஒத்துக்கொண்டால்கூடக் கைச்செலவு போக 35,000 கடைக்குள் வருகிறது. வாடகையும் வீட்டுச் செலவும் ஓடும். அது தப்பான முடிவு என்று சொல்லிவிட முடியாது. தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்கவேண்டும், 16,000 லாபத்தையும் 3,000 அடக்கத்தையும் விட்டுக்கொடுக்கிறோம் என்று தாளில் எழுதியிருக்க வேண்டும். ஆவணியிலோ தையிலோ அதே விலைக்கு ஒத்துக்கொண்டு இரண்டு கல்யாணத்தை விட்டால் கணக்கு முற்றிலும் வேறு.

வரியைப் பற்றி ஒரே வார்த்தை. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவர் ஜிஎஸ்டி பதிவு செய்யவேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. பதிவு செய்தவர் வரியை 64,000-க்கு மேல் தனியாகக் காட்ட வேண்டும். 64,000-க்குள் அடக்கிக் கொடுத்தால் லாபத்தின் பெரும்பகுதி அரசுக்குப் போய்விடும். முன்பணமாகப் பாதி, மலைவேலை முடிந்ததும் கொஞ்சம், படம் ஒப்படைக்கும்போது மீதி என்று வாங்கினால் ஜீப்புக்கும் உதவியாளுக்கும் சொந்தக் காசைப் போடவேண்டியிருக்காது.

வேலை முடிந்தது என்று வைப்போம். தோட்டக்காரர் யோசித்து, இரண்டு வாரம் கழித்து முழு வேலைக்கே 64,000-க்குச் சம்மதித்தார். நோட்டை எடுத்துப் பார்க்கிறார் போட்டோகிராஃபர். ஆனது 66 மணி. மலையில் நேரம் தாண்டவில்லை, எடிட்டிங்கிலும் ஒரு மணிதான் கூடியது. படம் பொறுக்குவதற்கு 5 மணி போட்டிருந்தார், 10 மணி ஆகியிருக்கிறது. பறிப்பவர் கை அசையும்போது தட்டித்தள்ளிய ஒரே மாதிரி நூற்றுக்கணக்கான படங்கள் அதற்குக் காரணம். ஆறு மணிக்கு 3,600 ரூபாய் கூடுதல் அடக்கம். லாபம் 12,400 ஆகி 19 சதத்துக்கு இறங்கிவிட்டது. அடுத்த மாதம் மிளகுத் தோட்டம் ஒன்றுக்கு அவர் எழுதிய கொட்டேஷனில் பொறுக்கும் வேலைக்கு 9 மணி என்று இருந்தது.